ரிப்போர்ட்ல கட்டியாம், கல்லாம்... அக்கா சொல்றேன் கேளுங்க!

ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். மறுநாள் வியாபாரத்துக்குச் சரக்கு ஏத்திக்கிட்டு பரவை மார்க்கெட் பக்கம் லாரிங்க வர ஆரம்பிச்சிருந்துச்சு. போன் அடிச்சா, என் சின்னத் தங்கச்சி. பேசவே முடியல அவளால.

"அக்கா, ஸ்கேன் ரிப்போர்ட் போட்டோ அனுப்பியிருக்கேன் பாரு. கர்ப்பப்பை வாயில கட்டின்னு போட்டிருக்கு. அதுதான்லக்கா?"

அந்த நோயோட பேரை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குத் தைரியமில்ல. எனக்குப் புரிஞ்சது. ஆரம்ப சுகாதார நிலையத்துல 26 வருஷம் நர்ஸா இருந்தவ நான். இந்தக் கேள்வியை எத்தனை பொண்ணுங்க கேட்டிருப்பாங்கன்னு கணக்கே கிடையாது.

அவளுக்கு வயசு 36. ரெண்டு பிள்ளை, ரெண்டும் சுகப்பிரசவம். மூணு நாளா நீர்க்கடுப்பு, அடிவயித்துல வலி. கல்லா, கிருமித் தொற்றான்னு பாக்க டாக்டர் யூரின் டெஸ்ட்டும் வயித்து ஸ்கேனும் எழுதிக் குடுத்திருக்கார். சிறுநீரகத்துல கல் இல்ல. யூரின்ல தொற்று இருந்துச்சு. தேடிப் போன வியாதி கிடைச்சிருச்சு, அதுக்கு மாத்திரையும் குடுத்தாச்சு. ஆனா ரிப்போர்ட்டோட கீழ்ப்பக்கம், கர்ப்பப்பையைப் பத்தி எழுதின இடத்துல ஒரு வரி: செர்விக்ஸில் சில நபோத்தியன் சிஸ்ட்கள், பெரியது 8 மி.மீ.

தேடாம தட்டுப்பட்ட அந்த ஒரு வரிதான் அவ தூக்கத்தைக் கெடுத்துச்சு. அன்னிக்கு அவகிட்ட சொன்னதைத்தான் இங்க உங்களுக்கும் சொல்றேன். கடைசியில எங்க தம்பி கதையும் இருக்கு. வீட்டு ஆம்பளைங்ககிட்டயும் படிச்சுக் காட்டுங்க.

1. 'சிஸ்ட்'டை 'கட்டி'ன்னு மொழிபெயர்க்காதீங்க

நம்ம ஊர்ல சிஸ்ட்னா உடனே 'நீர்க்கட்டி'ன்னு சொல்லிடுறாங்க. நீர்க்கட்டின்னதும் சினைப்பை ஞாபகம் வரும், குழந்தை நிக்காதுங்கிற பயம் வரும். வெறும் 'கட்டி'ன்னு சொல்லிட்டாலோ புத்துநோய் ஞாபகம் வரும். நபோத்தியன் சிஸ்ட் இந்த ரெண்டுமே இல்ல. இது சினைப்பையில வர்றதில்ல. பிள்ளை உண்டாகுறதுக்கும் இதுக்கும் பொதுவா சம்பந்தம் கிடையாது. உள்ள தசை வளர்ந்து வர்ற கட்டியும் இல்ல. கர்ப்பப்பை வாயில இருக்கிற சின்னச் சின்னச் சளிக் கொப்புளம், அவ்வளவுதான்.

எப்படி வருதுன்னு கேளுங்க. கர்ப்பப்பை வாயோட உள்பக்கத்துல மெல்லிசான ஒரு தோல் இருக்கு. அதுல இருக்கிற சுரப்பிங்க சளி மாதிரி ஒரு திரவத்தைச் சுரந்துக்கிட்டே இருக்கும். வெளிப்பக்கத்துத் தோல் தடிப்பானது. வயசுக்கு வர்றப்பவும், பிள்ளை பெறுறப்பவும் அந்த உள்தோல் கொஞ்சம் வெளிய எட்டிப் பாக்கும். வெளிய வந்த இடத்துல, காலப்போக்குல தடிச்ச தோல் அது மேல மூடி வளரும். அப்படி வளர்றப்ப கீழ இருக்கிற சில சுரப்பிகளோட வாயையும் சேத்து மூடிடும். சுரப்பிக்கு அது தெரியாதே, அது பாட்டுக்குச் சுரக்கும். அங்கணத்துல தண்ணி போற ஓட்டையை சிமெண்ட் வச்சுப் பூசிட்டு குழாயைத் திறந்து விட்டா என்ன ஆகும்? தண்ணி தேங்கும். அதே கதைதான். அதனாலதான் பிள்ளை பெத்த பொண்ணுங்களுக்கு இது ரொம்ப சகஜமா இருக்கு.

எங்க காலத்துல ஸ்கேன் இல்லாமலே இதைக் கண்ணால பாத்திருக்கோம். ஸ்பெக்குலம் வச்சு லைட் அடிச்சா, கர்ப்பப்பை வாயில மஞ்சளும் வெள்ளையும் கலந்த சின்ன முத்து மாதிரி வழவழன்னு தெரியும். மேல தலைமுடி கணக்கா மெல்லிசா ரத்தக்குழாய் ஓடும். சிலது அரிசி அளவு, சிலது கொண்டைக்கடலை அளவு. என் தங்கச்சியோட 8 மி.மீ. கொண்டைக்கடலை கணக்குத்தான்.

இதைப் பாத்து ஏமாந்தவங்க நாம மட்டும் இல்ல. ஜெர்மனியில லைப்சிக் நகரத்து டாக்டர் மார்ட்டின் நபோத் 1707-ல இதைப் பத்தி எழுதினப்ப, பொண்ணுங்களோட கருமுட்டை இதுதான்னு நினைச்சுட்டார். நினைப்பு தப்பாப் போச்சு, பேர் மட்டும் 300 வருஷமா நிலைச்சிருச்சு.

2. பக்கத்துல எழுதின வார்த்தைங்களையும் படிங்க

ஸ்கேன்ல இது கறுப்பு வட்டமாத் தெரியும். உள்ள வெறும் திரவம்கிறதால ஒலி திரும்பி வராது. ரிப்போர்ட்ல அதை 'அனெக்கோயிக்'னு எழுதுவாங்க. சுவர் மெல்லிசா, ஓரம் தெளிவா, உள்ள கெட்டியா எதுவும் இல்லாம இருந்தா அதுக்கு வைத்தியமே வேண்டாம். மாத்திரை வேண்டாம், மூணு மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன் வேண்டாம். அது தானா உடைஞ்சும் போகும், வருஷக்கணக்கா அப்படியே இருந்தாலும் இருக்கும். புத்துநோயா மாறுறது இல்ல.

எப்பவாவது சில சென்டிமீட்டர் அளவுக்குப் பெருசாகி அழுத்தம் குடுத்தாலோ, கர்ப்பப்பை வாயைச் சரியாப் பரிசோதிக்க விடாம மறைச்சாலோ டாக்டர் குத்தி வடிச்சு விடுவாங்க. சின்ன வேலைதான் அது. இதுக்காகக் கர்ப்பப்பையையே எடுத்துடலாம்னு யாராவது சொன்னா, அங்கயே தலையை ஆட்டிடாதீங்க. ரிப்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு இன்னொரு மகப்பேறு டாக்டர்கிட்ட போய்க் கேளுங்க. நபோத்தியன் சிஸ்ட் மட்டுமே கர்ப்பப்பையை எடுக்கக் காரணம் ஆகாது.

வேற மாதிரி எழுதியிருந்தா கதை வேற. கொப்புளங்க கொத்துக் கொத்தா உள்ளே ஆழமாப் போயிருக்கு, நடுவுல கெட்டியான பகுதி இருக்கு, அதுக்குள்ள ரத்த ஓட்டம் தெரியுதுன்னு எழுதியிருந்தாலோ, அதோட துணி நனையுற அளவுக்குத் தண்ணி மாதிரி வெள்ளைப்படுதல் இருந்தாலோ, டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்து, சதைத்துணுக்கும் எடுத்துப் பாக்கச் சொல்லுவாங்க. கொப்புளம் மாதிரியே வேஷம் போடுற ஒரு புத்து இருக்கு. ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா அதுக்காகத்தான் அந்தப் பக்கத்து வார்த்தைங்களையும் படிங்கங்கிறேன்.

3. ஸ்கேன் சுத்தமா இருக்குன்னு கர்ப்பப்பை வாய் சோதனையை விட்டுடாதீங்க

தங்கச்சிகிட்ட "இது ஒண்ணுமில்லடி, தூங்கு"ன்னு சொல்லிட்டு, அடுத்ததா ஒண்ணு கேட்டேன். "கடைசியா கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எப்ப எடுத்த?"

"அதான் ஸ்கேன் எடுத்தாச்சேக்கா."

இங்கதான் நிறையப் பேர் சறுக்குறாங்க. இல்லாத வியாதிக்கு இப்படி அழுதவ, நிஜமா பாக்க வேண்டிய சோதனையை ஒருதரம்கூடப் பாக்கல. கர்ப்பப்பை வாய்ப் புத்துநோய் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே அந்தத் தோல்ல மாறுதல் ஆரம்பிக்கும். அந்த மாறுதல் தோலோட மேல்பரப்புல நடக்குறது. வயித்து மேல வச்சு எடுக்குற ஸ்கேன்ல அது தெரியாது. ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் சரி, நபோத்தியன்னு வந்தாலும் சரி, அந்த மாறுதல் இருக்காங்கிற கேள்விக்கு அது பதில் இல்ல.

பதில் சொல்ற சோதனைங்க மூணு: வி.ஐ.ஏ., பாப் ஸ்மியர், எச்.பி.வி. டெஸ்ட். நம்ம அரசு சுகாதார நிலையங்கள்ல 30 வயசு தாண்டின பொண்ணுங்களுக்குக் காசில்லாம பாக்குறது முதல்ல சொன்ன வி.ஐ.ஏ. பயப்பட ஒண்ணுமில்ல. நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர்ல இருக்கிற அதே புளிப்பு, 3 முதல் 5 சதவீதம். அதைப் பஞ்சுல நனைச்சுக் கர்ப்பப்பை வாயில வச்சு, ஒரு நிமிஷம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்துல பாப்போம். கோளாறு இருக்கிற தோல் அடர்த்தியா வெள்ளையா மாறும். லேசா எரியும், அவ்வளவுதான்.

நபோத்தியன் கொப்புளமும் அந்த நேரத்துல வெள்ளைப் பட்டன் மாதிரி தெரியுறதுண்டு. அதைப் பாத்து மிரளக்கூடாது, நெகட்டிவ்னுதான் எழுதணும்னு பயிற்சியிலயே சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆக, உங்க ரிப்போர்ட்ல பயமுறுத்துற அதே கொப்புளம், வி.ஐ.ஏ. பாக்குற நர்ஸோட கணக்குல 'ஒண்ணுமில்ல' பட்டியல்ல இருக்கு.

இந்தச் சோதனை நம்ம பக்கத்துலயே நிரூபணம் ஆனது. பரவை வழியாப் போற ரோட்டைப் பிடிச்சா திண்டுக்கல். அந்த மாவட்டத்துல, அம்பிளிக்கையில இருக்கிற கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையமும், உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் சேந்து, 2000-ல ஒரு பெரிய ஆய்வு ஆரம்பிச்சாங்க. டாக்டர் ஆர்.சங்கரநாராயணன் தலைமையில நடந்துச்சு. 30 முதல் 59 வயசு வரைக்கும் உள்ள கிராமத்துப் பொண்ணுங்க 31,343 பேருக்கு வி.ஐ.ஏ. பாத்தாங்க. பாத்தது பெரிய டாக்டருங்க இல்ல, பயிற்சி எடுத்த நர்ஸுங்க. சுமார் 10 பேர்ல ஒருத்தருக்கு பாசிட்டிவ் வந்துச்சு. அதுல பெரும்பாலானவங்களுக்குப் புத்துநோய் கிடையாது. அதனால பாசிட்டிவ்னு வந்தாலும் அடுத்த சோதனைக்குப் போகணும்னுதான் அர்த்தம், தீர்ப்புன்னு அர்த்தமில்ல. 2007-ல முடிவு வெளியாச்சு: சோதனை நடந்த ஊர்கள்ல, நடக்காத ஊர்களை விட இந்த நோய் 25 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, இந்த நோயால சாவு 35 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு.

ஒரு விஷயம். தீட்டு நின்னவங்களுக்கு, பாக்க வேண்டிய இடம் உள்ள ஏறிப் போயிருக்கும், வி.ஐ.ஏ. சரியா வராது. அவங்க பாப் ஸ்மியரோ எச்.பி.வி. டெஸ்ட்டோ கேட்டு எடுத்துக்கணும். 35 வயசுக்குள்ள ஒருதரம், 45 வயசுக்குள்ள இன்னொருதரம் எச்.பி.வி. மாதிரி துல்லியமான டெஸ்ட் எடுக்கணும்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட இலக்கு.

தாம்பத்யத்துக்கு அப்புறம் ரத்தம் படுறது, ரெண்டு தீட்டுக்கு நடுவுல படுறது, தீட்டு நின்ன பிறகு படுறது, நாத்தத்தோட வெள்ளைப்படுறது... இதுல எது இருந்தாலும் ஸ்கேன்ல என்ன எழுதியிருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. "நபோத்தியன்தான், ஒண்ணுமில்லன்னு அக்கா சொன்னாங்க"ன்னு வீட்ல உக்காந்துடாதீங்க.

4. விரையில 'கல்'னா வாழைத்தண்டு குடிக்காதீங்க

இப்ப தம்பி கதைக்கு வர்றேன். மார்க்கெட்ல மூட்டை தூக்குறவன், வயசு 29, ஒரு பிள்ளை இருக்கு. விதைப்பையில ஒரு பக்கம் லேசா வலி. ஹெர்னியாவான்னு சந்தேகப்பட்டு டாக்டர் ஸ்கேன் எழுதினார். ஹெர்னியா இல்ல. இடது பக்கம் ரத்தநாளம் கொஞ்சம் புடைச்சிருந்துச்சு, அதுக்கு இறுக்கமான உள்ளாடை போட்டு, பாரம் தூக்குறதைக் குறைக்கச் சொல்லிட்டார். ஆனா ரிப்போர்ட்ல இன்னொரு வரி: இரண்டு விரைகளிலும் மைக்ரோலித்தியாசிஸ்.

அவன் யார்கிட்டயும் சொல்லல. வெக்கம். 'லித்'னா கல்லுன்னு யாரோ சொல்ல, ஒரு வாரமா விடிகாலையில வாழைத்தண்டுச் சாறு குடிச்சிருக்கான். சிறுநீரகக் கல் மாதிரி கரைஞ்சு வந்துடும்னு நினைப்பு. ஒருநாள் ராத்திரி நெட்ல தேடிப் பாத்து, புத்துநோய்ங்கிற வார்த்தையைப் படிச்ச பிறகுதான் கலங்கிப் போயிருக்கான். அவன் பொண்டாட்டிதான் எனக்கு போட்டோ அனுப்பினா.

அது கல்லே இல்லடா தம்பின்னேன். விரைக்குள்ள விந்தணு உண்டாகுற நுண்ணிய குழல்கள் இருக்கு. அதுக்குள்ள படியுற சுண்ணாம்புத் துகள் இது. ஒவ்வொண்ணும் 3 மி.மீ.க்குள்ளதான். ஸ்கேன்ல ராத்திரி வானத்து நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் புள்ளியாத் தெரியும். ஒரே படத்துல அஞ்சோ அதுக்கு மேலயோ இருந்தா இந்தப் பேரைப் போடுவாங்க. மூத்திரம் அது வழியாப் போறதே இல்ல, சாறு குடிச்சுக் கரைக்கிறதுக்கு. அது வலிக்கவும் வலிக்காது. அவன் வலிக்குக் காரணம் வேற.

புத்துநோய் பயம் எங்கிருந்து வந்துச்சு? விரைப் புத்துநோய் வந்தவங்களை ஸ்கேன் பாத்தப்ப, பல பேருக்கு இந்தப் புள்ளியும் கூடவே இருந்துச்சு. அதனால இது இருந்தா அது வரும்னு முன்னாடி பயந்தாங்க. பிறகு அமெரிக்க ராணுவத்துல, 18 முதல் 35 வயசுள்ள ஆரோக்கியமான ஆம்பளைங்க 1,504 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்க. 84 பேருக்கு இந்தப் புள்ளி இருந்துச்சு, நூத்துல அஞ்சாறு பேர். அதுல 63 பேரை அஞ்சு வருஷம் கழிச்சு விசாரிச்சப்ப, ஒருத்தருக்கு மட்டும்தான் புத்துநோய் வந்திருந்துச்சு. புள்ளி மட்டும் இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே ஆகுறதில்லன்னு அதுல இருந்து தெரிஞ்சுது.

5. நாலு கேள்வி இருக்கு, அம்மாகிட்டயும் கேளுங்க

புள்ளியை விட, புள்ளி யாருக்கு இருக்குங்கிறதுதான் முக்கியம். 2015-ல ஐரோப்பிய ஸ்கேன் டாக்டருங்க சேந்து வழிமுறை வகுத்தாங்க. அதை நாலு கேள்வியா நான் தம்பிகிட்ட கேட்டேன்.

ஒண்ணு, பிறந்தப்ப விரை கீழ இறங்காம இருந்துச்சா, அதுக்கு ஆபரேஷன் பண்ணினாங்களா? இதுக்கு அவனுக்குப் பதில் தெரியல. அம்மாகிட்ட போன் போட்டேன். "அப்படியெல்லாம் இல்லடி, எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டினவ நான், எனக்குத் தெரியாதா?"ன்னாங்க. ரெண்டு, முன்னாடி எப்பவாவது விரையில புத்துநோய் வந்திருக்கா? இல்ல. மூணு, அப்பாவுக்கோ கூடப் பிறந்தவங்களுக்கோ வந்திருக்கா? இல்ல. நாலு, விரை சிறுத்திருக்கா? ரிப்போர்ட்லயே அளவு இருந்துச்சு: வலது 18 மி.லி., இடது 17 மி.லி. 12-க்குக் கீழ இருந்தாத்தான் சிறுத்ததுன்னு கணக்கு.

நாலுக்கும் 'இல்ல'. விரையில கட்டியும் இல்லன்னு ரிப்போர்ட் சொல்லுது. யூராலஜி டாக்டர் கையால தொட்டுப் பாத்தும் அதையேதான் சொன்னார். அப்ப திரும்பத் திரும்ப ஸ்கேன் வேண்டாம், ரத்த டெஸ்ட்டும் வேண்டாம்.

நாலுல ஒண்ணுக்கு 'ஆமா'ன்னு வந்திருந்தா? அந்த வழிமுறைப்படி 55 வயசு வரைக்கும் வருஷத்துக்கு ஒருதரம் ஸ்கேன் எடுக்கணும். குழந்தையில்லாம சோதனைக்குப் போனவங்களுக்கு ரெண்டு பக்கமும் புள்ளி இருந்தா, அதுவும் விரை சிறுத்திருந்தா, யூராலஜி டாக்டர் இன்னும் ஒரு படி மேல சோதிக்கச் சொல்லலாம். அவங்க இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு விட்டுடக் கூடாது.

'இல்ல'ன்னு வந்தவங்களுக்கு ஒரே ஒரு வேலை. மாசம் ஒருதரம், வெந்நீர்ல குளிச்சு முடிச்சதும், ஒவ்வொரு விரையையும் விரலால மெதுவா உருட்டிப் பாக்கணும். பின்பக்கம் மெத்துன்னு கயிறு மாதிரி ஒண்ணு தட்டுப்படும், அது இயற்கையா இருக்கிறது. விரையிலயே, வலியில்லாம, பட்டாணி கணக்கா கெட்டியா எதுவும் தட்டுப்பட்டா அந்த வாரமே டாக்டர்கிட்ட போகணும். இளவயசு ஆம்பளைங்களுக்கு வர்ற நோய் இது. சீக்கிரம் பாத்தா பெரும்பாலும் முழுசாக் குணமாகும். வலியில்லையேன்னு தள்ளிப் போடுறவங்கதான் மாட்டிக்கிறாங்க.

6. ரிப்போர்ட்டை எழுதிக் குடுத்தவர்கிட்டயே திரும்பக் கொண்டு போங்க

ஸ்கேன் டாக்டரோட வேலை கண்ணுல பட்டதையெல்லாம் எழுதுறது. எழுதினதெல்லாம் வியாதின்னு அவர் சொல்லல. ரிப்போர்ட் கடைசியில 'கிளினிக்கல் கோரிலேஷன்' தேவைன்னு ஒரு வரி பாத்திருப்பீங்க. ஆளைப் பாத்து, தொட்டுப் பாத்து, பழைய கதையைக் கேட்டு, இந்தப் படத்தோட பொருத்திப் பாருங்கன்னு உங்க டாக்டருக்கு அவர் எழுதுற சேதி அது. அதை மெடிக்கல் ஷாப்புலயோ வாட்ஸ்அப் குரூப்புலயோ பண்ண முடியாது.

டாக்டர்கிட்ட போறப்ப பழைய ஸ்கேன் இருந்தா கையோட கொண்டு போங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி எடுத்ததுலயும் அதே 8 மி.மீ. கொப்புளம் இருந்தா, பாதிக் கேள்விக்கு அங்கயே பதில் கிடைச்சிரும். உள்ள போனதும் மூணே கேள்வி கேளுங்க: நான் வந்த வலிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா? இதுக்கு ஏதாவது செய்யணுமா? திரும்பப் பாக்கணும்னா எப்ப, எந்த டெஸ்ட்ல?

தங்கச்சிக்கு நீர்க்கடுப்பு மாத்திரையோட அஞ்சு நாள்ல போயிருச்சு. அடுத்த வாரமே வி.ஐ.ஏ.க்குக் கூட்டிட்டுப் போனேன், நெகட்டிவ். பாத்த நர்ஸ் அந்தக் கொப்புளத்தையும் பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே 'நபோத்தியன்'னு பதிவேட்டுல எழுதினா. தம்பி வாழைத்தண்டை விட்டுட்டான்.

இனிமே எனக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டை போட்டோ பிடிச்சு அனுப்புற தங்கச்சிங்க, அது கூடவே கர்ப்பப்பை வாய் டெஸ்ட் கடைசியா எப்ப எடுத்தீங்கன்னும் எழுதி அனுப்புங்க. நான் முதல்ல அதைத்தான் கேட்பேன்.